மேலே என்ன நடக்கிறது? – 7: நகர முடியாதவை

2009 பிப்ரவரி 10. சைபீரியாவின் வடகோடியில் இருக்கும் தைமிர் தீபகற்பத்துக்கு மேலே, சுமார் 790 கிலோமீட்டர் உயரத்தில், இரண்டு செயற்கைக்கோள்கள் குறுக்கும் நெடுக்குமாக வந்து மோதிக்கொண்டன. ஒன்று இரிடியம் 33. சாட்டிலைட் போன் சேவைக்காக 1997-இல் அமெரிக்க நிறுவனம் ஒன்று ஏவியது. அன்றுவரை ஒழுங்காக வேலை பார்த்துக்கொண்டிருந்தது. மற்றது காஸ்மாஸ் 2251. ரஷ்ய ராணுவத்தின் தகவல் தொடர்புக்காக 1993-இல் மேலே போனது. ஓரிரு வருடங்களிலேயே செத்துவிட்டது. அதன் பிறகு யார் சொல்லையும் கேட்க வழியில்லாமல் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது.

இரிடியம் கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்களுக்குத் தெரிந்ததெல்லாம், கோளிடமிருந்து சிக்னல் நின்றுபோனது மட்டும்தான். பிறகு ராடார்கள் பார்த்தபோது, இரண்டு கோள்கள் இருந்த இடத்தில் இரண்டு துண்டுக் கூட்டங்கள் போய்க்கொண்டிருந்தன.

‘முன்கூட்டியே தெரியாதா?’ என்று கேட்கத் தோன்றும். ஒரு மாதிரி தெரிந்திருந்தது. எந்தக் கோள் எதற்கு அருகே வரும் என்று பொதுவில் கிடைக்கும் தரவுகளை வைத்துக் கணக்குப் போட்டுச் சொல்லும் ‘சாக்ரடீஸ்’ என்ற சேவை அப்போதே இருந்தது. இவை இரண்டும் 584 மீட்டர் இடைவெளியில் கடந்துபோகும் என்று அது சொல்லியிருந்தது. அன்றைய பட்டியலில், இதைவிட நெருங்கிவரும் என்று குறிக்கப்பட்ட ஜோடிகள் நிறைய. அதனால் இது யார் கண்ணையும் உறுத்தவில்லை.

அந்த 584 மீட்டரைக் கொஞ்சம் கூர்ந்து பார்க்கலாம். மோதியபோது இரண்டுக்கும் இடையிலான வேகம் நொடிக்கு 11.7 கிலோமீட்டர். அந்த வேகத்தில் 584 மீட்டர் என்பது ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு. செத்த கோள் எங்கே இருக்கிறது என்பதை ராடார் எப்போதோ ஒருமுறை பார்த்துச் சொல்கிறது. இடைப்பட்ட நேரத்துக்கு நாம் கணக்குப் போட்டு ஊகிக்கிறோம். 790 கிலோமீட்டர் உயரத்திலும் துளியூண்டு காற்று உண்டு. அது கோளை எவ்வளவு இழுக்கும் என்பது சூரியனின் மனநிலையைப் பொறுத்தது. கோள் எந்தப் பக்கமாகத் திரும்பியிருக்கிறது என்பதையும் பொறுத்தது. பொதுத் தரவுகளில் ஒரு கிலோமீட்டர் பிழை அப்போது சர்வசாதாரணம். 584 மீட்டர் என்ற எண்ணுக்கு, ‘இந்தப் பக்கம் எங்கேயோ’ என்பதற்கு மேல் அர்த்தமில்லை. அந்த மாதிரி எச்சரிக்கை ஒவ்வொன்றுக்கும் எரிபொருளைச் செலவழித்து விலகிக்கொண்டிருந்தால், கோளின் ஆயுள் அதிலேயே தீர்ந்துவிடும். இரிடியம்காரர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மோதலில் 10 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட துண்டுகள் மட்டும் இரண்டாயிரத்துக்கு மேல் கிடைத்தன. அதைவிடச் சிறியவற்றை ராடாரால் முறையாகப் பின்தொடர முடியாது. முதலில் இந்தத் துண்டுகள் தாய்க்கோளின் பாதையிலேயே ஒரு கொத்தாகப் போகும். ஒவ்வொன்றின் வேகமும் இம்மியளவு மாறுபடுவதால், சில நாட்களில் பாதை முழுக்கப் பரவி ஒரு வளையமாகிவிடும். அதோடு நிற்பதில்லை. பூமி நடுவில் கொஞ்சம் புடைத்திருப்பதால் அதன் ஈர்ப்பு அந்த வளையத்தைத் திருகுகிறது. ஒவ்வொரு துண்டையும் ஒவ்வொரு வேகத்தில் திருகுவதால், மாதங்கள் போகப் போக வளையம் பிரிந்து, பூமியைச் சுற்றி ஓர் ஓடு போலப் போர்த்திக்கொள்கிறது. துருவங்களை ஒட்டிப் போகும் இரிடியத்தின் துண்டுகள் மெதுவாகப் பரவின. சற்றுச் சாய்ந்த பாதையில் போன காஸ்மாஸின் துண்டுகள் வேகமாகப் பரவின. மூன்று வருடம் கழித்து, 2012 மார்ச்சில், காஸ்மாஸ் துண்டு ஒன்று பக்கத்தில் வருகிறது என்று சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருந்தவர்கள் சோயுஸ் கலங்களுக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்கள்.

இதைத்தான் 1978-லேயே நாசாவின் டொனால்ட் கெஸ்லரும் பர்ட்டன் கூர்-பாலேயும் எழுதியிருந்தார்கள். மேலே இருக்கும் பொருள்கள் இரண்டு மடங்கானால், மோதல் வாய்ப்பு இரண்டு மடங்கு ஆவதில்லை, நான்கு மடங்காகிறது. ஏனென்றால் மோதுவதற்கு இரண்டு பேர் வேண்டும். ஜோடிகளின் எண்ணிக்கை இருமடிப் பெருக்கத்தில் கூடும். ஒவ்வொரு மோதலும் புதுத் துண்டுகளைத் தரும். அந்தத் துண்டுகள் அடுத்த மோதலுக்கு ஆள் சேர்க்கும். பெரிய துண்டுதான் வேண்டும் என்பதுகூட இல்லை. நொடிக்கு 10 கிலோமீட்டரில் வரும் ஒரு கிலோவுக்கும் குறைவான உலோகத் துண்டு, ஒரு டன் கோளை முழுதாக நொறுக்கிவிடும். ‘கிராவிட்டி’ படத்தில் இதெல்லாம் ஒன்றரை மணி நேரத்தில் நடந்து முடிகிறது. நிஜத்தில் இது பல பத்தாண்டுகளில் மெல்ல மெல்ல நடக்கும் காரியம். அதனாலேயே யாரும் அவசரப்படுவதில்லை.

இங்கே உயரம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஸ்டார்லிங்க் கோள்கள் ஆயிரக்கணக்கில் சுற்றும் 550 கிலோமீட்டரில் கூட்டம் அதிகம்தான். ஆனால் அங்கே செத்துப்போகும் கோளைக் காற்று சில வருடங்களில் கீழே இழுத்து எரித்துவிடும். 800 கிலோமீட்டருக்கு மேல் அந்தத் துப்புரவுப் பணி நடப்பதே இல்லை என்று சொல்லலாம். அங்கே விட்டது நூறு ஆண்டுகளுக்கு மேல் நிற்கும். சீனா 2007-இல் தன் பழைய வானிலைக் கோளை ஏவுகணையால் உடைத்ததும் 865 கிலோமீட்டர் உயரத்தில்தான். அதில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட துண்டுகள். இந்தியா 2019-இல் அதே வேலையைச் செய்தபோது ஏறக்குறைய 280 கிலோமீட்டரைத் தேர்ந்தெடுத்தது. அதன் துண்டுகள் சில வருடங்களுக்குள் விழுந்து தீர்ந்தன. அதற்காக நாம் பெருமைப்பட்டுக்கொள்ள வேண்டாம். 2001-இல் நம் பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் கடைசி அடுக்கு, மிச்ச எரிபொருளால் வெடித்து முந்நூறுக்கும் மேற்பட்ட துண்டுகளானது. அவற்றில் சில இன்னும் மேலேதான் சுற்றுகின்றன. வேலை முடிந்ததும் மிச்ச எரிபொருளை வெளியேற்றிவிடும் வழக்கத்துக்கு இஸ்ரோ மாறியது அதற்குப் பிறகுதான்.

நாசாவின் லியூவும் ஜான்சனும் 2006-இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். இனி ஒரு ராக்கெட்கூட ஏவப்படாது என்று வைத்துக்கொண்டு, மேலே இருப்பவற்றை மட்டும் ஓடவிட்டுப் பார்த்தார்கள். சுமார் ஐம்பது வருடம் எண்ணிக்கை ஏறத்தாழ அப்படியே நிற்கிறது. அதன் பிறகு மோதல்களால் ஏறத் தொடங்குகிறது. சீனச் சோதனைக்கும் 2009 மோதலுக்கும் முந்தைய கணக்கு அது.

ஆகவே புதிதாக ஏவுவோருக்கு விதி போட்டால் மட்டும் போதாது. ஆபத்து ஏற்கெனவே மேலே இருக்கிறது. சோவியத் காலத்திலும் பிறகும் விடப்பட்ட ஸெனித் ராக்கெட்டின் மேலடுக்குகள் 840 கிலோமீட்டரை ஒட்டிக் கூட்டமாகச் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 9 டன். இரிடியமும் காஸ்மாஸும் சேர்ந்தே ஒன்றரை டன்தான் இருக்கும். இரண்டு ஸெனித் அடுக்குகள் மோதினால் 18 டன். இரண்டின் எஞ்சினும் இனி இயங்காது, எச்சரித்தாலும் நகர முடியாது; பார்த்துக்கொண்டிருக்கத்தான் முடியும்.

வருடத்துக்கு ஐந்து பெரிய பொருள்களை இறக்கினால் பெருக்கம் கட்டுக்குள் நிற்கும் என்கிறது லியூவின் இன்னொரு ஆய்வு. ஜப்பானின் ஆஸ்ட்ரோஸ்கேல் நிறுவனம் 2024-இல் செத்த ராக்கெட் அடுக்கு ஒன்றைச் சுமார் 15 மீட்டர் வரை நெருங்கிப் படம் எடுத்துக் காட்டியது. அது ஜப்பானின் சொந்த ராக்கெட். 1967 விண்வெளி ஒப்பந்தப்படி, மேலே போன பொருள் செத்த பிறகும் அதை ஏவிய நாட்டுக்கே சொந்தம். ரஷ்யா சரி சொல்லாமல் ஒரு ஸெனித் அடுக்கை வேறு யாரும் தொட முடியாது. அந்த வேலைக்குப் பணம் கொடுப்பது யார் என்பதும் முடிவாகவில்லை. எண்ணெய்க் கப்பல் கடலில் கவிழ்ந்தால் யார் பொறுப்பு என்று சட்டம் இருக்கிறது. அந்த மாதிரி ஒன்று விண்வெளிக்கு வராதவரை இழுத்து வரும் கைகள் எவ்வளவு நுட்பமாக இருந்தாலும் வேலைக்கு ஆகாது என்பது என் எண்ணம்.

அடுத்த வாரம்: பிடிக்கப் போகும் கருவிகளில் வலை, ஈட்டி, காந்தம் ஆகிய மூன்றையும் பார்க்கலாம்.