'24,000 வரை சம்பளம்': கைக்கு எவ்வளவு வரும்?

கம்பெனி கேட்டில் 'ஆட்கள் தேவை' போர்டு தொங்கும் காலம் இன்னும் போய்விடவில்லை. ஆனால் கோவை குறிச்சி சிட்கோ போன்ற தொழிற்பேட்டைகளில் இருபது முப்பது பேர் வேலை பார்க்கும் பட்டறைகள்கூட இப்போது செல்போனில் ஒரு வீடியோ எடுத்துப் போட்டு ஆள் தேடுகின்றன. முதலாளியோ சூப்பர்வைசரோ மெஷின் முன்னால் நின்று முக்கால் நிமிடம் பேசுவார். என்ன வேலை, என்ன சம்பளம், எந்தத் தேதியில் நேர்காணல், என்னென்ன எடுத்து வரவேண்டும் என்ற நான்கும் அதில் வந்துவிட வேண்டும். நான்கில் அதிகம் குளறுபடி நடப்பது சம்பளத்தில்தான்.

சிஎன்சி டர்னிங் ஆபரேட்டர் வேலைக்கு ஆள் எடுக்கும் ஒரு பட்டறையை எடுத்துக்கொள்வோம். வீடியோவில் 'சம்பளம் 18,000 முதல் 24,000 வரை' என்று வருகிறது. கேட்பவர் மாதம் 18,000 ரூபாயாவது வங்கிக் கணக்கில் ஏறும் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறுகிறார். ஆனால் அந்த 18,000 பெரும்பாலும் சிடிசி. அதாவது, அந்த ஆளுக்காகக் கம்பெனி மொத்தமாகச் செலவிடும் தொகை.

கணக்கைப் பிரித்துப் பார்க்கலாம். மொத்தச் சம்பளம் 16,000 ரூபாய், அதில் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 12,000 என்று வைத்துக்கொள்வோம். அந்த 12,000-க்கு பிஎஃப் 12 சதவீதம், அதாவது 1,440 ரூபாய் தொழிலாளியிடம் பிடிப்பார்கள். இஎஸ்ஐக்கு 16,000-இல் 0.75 சதவீதம், 120 ரூபாய். இரண்டும் போகக் கைக்கு வருவது 14,440. கம்பெனி தன் பங்காக பிஎஃப்புக்கு இன்னொரு 1,440, இஎஸ்ஐக்கு 3.25 சதவீதமாக 520 ரூபாய் கட்டுகிறது. 16,000-உடன் இவற்றைக் கூட்டினால் 17,960 வருகிறது. வீடியோவில் சொன்ன 18,000 இதுதான்! பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் கேட்டவர் மனதில் இருந்த தொகைக்கும் இதற்கும் மாதம் 3,500 ரூபாய் இடைவெளி. கேன்டீன், பஸ் என்று பிடித்தம் இருந்தால் இன்னும் குறையும்.

மேல் எண்ணான 24,000-க்கு வேறு கதை. அதே 16,000-ஐ 26 நாள், எட்டு மணி நேரம் என்று வகுத்தால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 77 ரூபாய். தினமும் நான்கு மணி நேரம் கூடுதலாக நின்றால் மாதம் 104 மணி நேரம். அதற்கு 8,000 ரூபாய். 16,000-உடன் 8,000 சேர்ந்தால் 24,000. ஆக, பெரிய எண் என்று நாம் நினைப்பது பன்னிரண்டு மணி நேர ஷிஃப்டின் சம்பளமாக இருக்கலாம். அதுவும் ஓவர்டைமுக்கு ஒற்றைச் சம்பளம் போட்டால் வரும் தொகை. சட்டப்படி ஆலைத் தொழிலாளிக்கு ஓவர்டைம் இரண்டு மடங்கு தரவேண்டும். தினம் பன்னிரண்டு மணி நேரம் என்பதே சட்டம் அனுமதிக்கும் ஓவர்டைம் அளவைத் தாண்டும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இதை மறைத்துப் பேசும் கம்பெனிக்கு லாபம் இருப்பதாகத் தோன்றவில்லை. அறுபது பேர் வருவார்கள். உண்மைச் சம்பளம் கேட்டதும் பாதிப் பேர் எழுந்து போவார்கள். மெஷினை நிறுத்திவிட்டு நேர்காணல் எடுத்த சூப்பர்வைசரின் ஒரு நாள் வீண். கைக்கு வரும் தொகையை நேராகச் சொன்னால் பதினைந்து பேர் வந்தாலும் அந்தச் சம்பளத்துக்குச் சம்மதித்தவர்களாக வருவார்கள்.

வேலையின் பெயரையும் இதே கறாரோடு சொல்ல வேண்டும். 'சிஎன்சிக்கு ஆள் வேணும்' என்றால் ஐடிஐ முடித்த பையனும் வருவார், பத்து வருட செட்டரும் வருவார். ஆபரேட்டர் என்பவர் ஜாப்பை சக்கில் மாட்டி, சைக்கிள் ஸ்டார்ட் கொடுத்து, வந்த அளவை மைக்ரோமீட்டரில் சரிபார்ப்பவர். செட்டர் என்றால் டூல் மாட்டி, ஆஃப்செட் கொடுத்து, முதல் பீஸை ஓகே செய்பவர். இருவருக்கும் சம்பளம் வேறு. எந்தக் கண்ட்ரோல், ஃபனுக்கா சீமென்ஸா என்று ஒரு வார்த்தை சேர்த்தால், தெரிந்தவருக்கு அது போதும்.

தேதியில் நடக்கும் தவறு சின்னது, அலைச்சல் பெரியது. 'வர்ற சனிக்கிழமை வாங்க' என்று வீடியோவில் பேசிவிட்டு, தேதியை மட்டும் வீடியோவுக்குக் கீழே எழுதுவார்கள். யாரோ அதை டவுன்லோடு செய்து வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார்கள். கீழே எழுதியது அங்கேயே நின்றுவிடும். வீடியோ மட்டும் ஊர் ஊராகப் போகும். மூன்று மாதம் கழித்து ஒருவர் சனிக்கிழமை காலை கேட்டில் வந்து நிற்பார். தேதி, கிழமை, வருடம் மூன்றும் வாயாலும் சொல்லப்பட வேண்டும், திரையிலும் எழுத்தாகத் தொடக்கம் முதல் கடைசிவரை நிற்க வேண்டும். அந்த எழுத்தைத் திரையின் அடியில் வைக்கக்கூடாது. ரீல்ஸில் அடிப்பக்கம் கணக்கின் பெயர் மறைக்கும், வலது ஓரத்தில் லைக், ஷேர் பட்டன்கள் மறைக்கும். போன் நம்பரின் கடைசி இரண்டு எண்கள் பட்டனுக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட வீடியோக்கள் ஏராளம்.

இத்தனையும் சேர்த்துப் பேசினால் ஏறத்தாழ இப்படி வரும்:

"வணக்கம்ங்க. குறிச்சி சிட்கோவுல இருக்கற எங்க பட்டறைக்கு நாலு சிஎன்சி டர்னிங் ஆபரேட்டர் வேணுங்க. ஃபனுக் கண்ட்ரோல். ஐடிஐ டர்னர் இல்ல மெஷினிஸ்ட் முடிச்சு, ஒரு வருஷமாவது மெஷின்ல நின்னிருக்கணும். எட்டு மணி நேர ஷிஃப்ட். பிடித்தமெல்லாம் போகக் கைக்கு 14,400; மூணு வருஷ அனுபவம் இருந்தா 17,000 வரைக்கும். ஓவர்டைம் தனிங்க. 2026 மார்ச் 13 வெள்ளி, 14 சனி, காலைல ஒன்பதரைல இருந்து பன்னிரண்டரை வரைக்கும் நேர்ல வாங்க. பயோடேட்டா, ஐடிஐ சர்டிபிகேட், ஆதார் ஜெராக்ஸ், ரெண்டு போட்டோ போதும். ஒரிஜினல் காட்டினா போதும்ங்க, குடுக்க வேண்டாம். டிராயிங் பார்த்து அளவு எடுக்கற டெஸ்ட் ஒண்ணு இருக்கும். யாருக்கும் ஒத்த ரூபா குடுக்க வேண்டாம்."

நிதானமாகப் பேசினால் முக்கால் நிமிடத்தைக் கொஞ்சம் தாண்டும். பின்னணியில் சினிமாப் பாட்டு வேண்டாம். மெஷின் சத்தம் இருந்தால்கூட பரவாயில்லை, பேச்சு காதில் விழுந்தால் சரி.

கடைசி இரண்டு வரிகளைச் சும்மா சேர்க்கவில்லை. டெஸ்ட் உண்டு என்று முன்பே தெரிந்தால், வெர்னியர் பிடித்து நாளான ஆள் ஒருமுறை பழகிப் பார்த்துவிட்டு வருவார். பணம் வேண்டாம் என்ற வரி மோசடிக்காரர்களுக்காக. உண்மையான கம்பெனியின் வீடியோவை எடுத்து, நம்பரை மட்டும் மாற்றிப் போட்டு, 'யூனிஃபார்ம் டெபாசிட்', 'ரெஜிஸ்ட்ரேஷன்' என்று ஐநூறோ ஆயிரமோ ஜிபே செய்யச் சொல்லும் கூட்டம் இருக்கிறது. பணம் வேண்டாம் என்பது கம்பெனிக்காரர் வாயிலிருந்தே வந்திருந்தால் அந்த வீடியோ அவர்களுக்கு உதவாது. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930-க்கு போன் செய்து புகார் சொல்ல வேண்டும்.

நேர்காணலுக்குப் போகிறவர்கள் முந்தின நாள் அந்த நம்பருக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள். பிடித்தம் போகக் கைக்கு எவ்வளவு, அது எத்தனை மணி நேர வேலைக்கு என்ற இரண்டை மட்டும் கேளுங்கள். 'நேர்ல வாங்க, பேசிக்கலாம்' என்பது மட்டுமே பதிலாக வந்தால் பஸ் காசை மிச்சப்படுத்திக்கொள்ளலாம்.