"அவர் ஒரு நார்சிஸ்ட் சேர்": ஒரு சொல்லுக்குள் அடைபடும் குடும்பங்கள்

அக்கரைப்பற்றில் உளவளத்துணைக்காக என்னிடம் வருபவர்கள் முன்பெல்லாம் "அவருக்குக் கோபம் கூட", "அவருக்குப் பெருமை", "தலைக்கனம் பிடிச்ச மனிசன்" என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். சில வருடங்களாக அந்த இடத்திற்கு வேறொரு சொல் வந்துவிட்டது. கைபேசியை மேசையில் வைத்து, ஒரு வீடியோவை ஓடவிட்டு, "இதுல சொல்ற பதினஞ்சும் அவருக்கு அப்படியே பொருந்துது சேர். அவர் ஒரு நார்சிஸ்ட். இது மாறாத வருத்தமாமே?" என்று கேட்கிறார்கள்.

அப்படிக் கேட்ட ஒரு பெண்ணின் கதையை இங்கே சொல்லப்போகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை மாற்றியிருக்கிறேன். வயது முப்பதுக்குள், இரண்டு பிள்ளைகள். உம்மா கொடுத்த வீட்டில்தான் கணவரோடு குடியிருக்கிறார். கணவர் உழைக்கும் காசைக் கண்ணில் காட்டுவதில்லை. எதைச் சொன்னாலும் பிழை இவர் தலையில்தான் விழும். மாமி வீட்டார் முன்னிலையில் இவரை மட்டம் தட்டிப் பேசுவார். ஆனால் முகநூலில் புதுச் சேர்ட்டோடு படம் போடுவார். காதி நீதிமன்றத்துக்குப் போவதா இல்லையா என்பது அவருடைய கேள்வி. வீடியோ சொன்ன பதில்: இப்படியானவர்கள் திருந்தமாட்டார்கள், ஓடித் தப்புங்கள்.

அந்தச் சொல் எங்கிருந்து வந்தது, அதற்குள் என்ன இருக்கிறது என்று முதலில் பார்ப்போம். தண்ணீரில் தெரிந்த தன் முகத்திலேயே மயங்கி அழிந்துபோன ஓர் இளைஞனின் கதை கிரேக்கர்களிடம் உண்டு. அவனுடைய பெயரிலிருந்து பிறந்ததுதான் நார்சிசிசம் என்ற சொல். 1914இல் சிக்மண்ட் பிராய்ட் இதைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். ஆனாலும் அமெரிக்க உளநல மருத்துவச் சங்கத்தின் நோய்க் கையேட்டில் அது ஒரு தனி ஆளுமைக் கோளாறாக இடம்பிடித்தது 1980இல்தான்.

அந்தக் கையேடு ஒன்பது குணங்களைச் சொல்கிறது. தன்னைப் பற்றிய அளவுக்கு மீறிய மதிப்பு, எல்லையில்லாத வெற்றியையும் புகழையும் பற்றிய கனவிலேயே வாழ்வது, தான் தனிப்பிறவி என்ற நம்பிக்கை, ஓயாத பாராட்டுத் தேவை, எல்லாம் தனக்கு உரித்து என்ற எண்ணம், மற்றவர்களைத் தன் காரியத்துக்குப் பயன்படுத்துவது, அடுத்தவரின் வேதனை உறைக்காமை, பொறாமை, அகந்தை. இவற்றில் குறைந்தது ஐந்து இருக்க வேண்டும்.

வீடியோக்கள் இந்த இடத்தோடு நின்றுவிடுகின்றன. ஒன்பதையும் வாசிக்கும்போது நமக்குத் தெரிந்த பத்துப் பேராவது நினைவுக்கு வருவார்கள். நேர்மையாக வாசித்தால் நாமும் வருவோம். அதனால்தான் அந்தப் பட்டியலுக்கு மேலாக, எல்லா ஆளுமைக் கோளாறுகளுக்கும் பொதுவான நிபந்தனைகள் வைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றை நான் மூன்று கேள்விகளாகக் கேட்பது வழக்கம்.

முதலாவது, எப்போதிருந்து? ஆளுமை என்பது இளவயதிலேயே உருவாகி நிலைத்துவிடும் ஒன்று. ஒருவர் இருபது, இருபத்தைந்து வயதிலிருந்தே இப்படித்தான் இருந்திருக்க வேண்டும். போன வருடம் தொடங்கிய குணம் ஆளுமைக் கோளாறு ஆகாது.

இரண்டாவது, எங்கெல்லாம்? மனைவியிடம் மட்டும் ஒருவிதமாகவும், கடையில், பள்ளிவாசலில், உடன்பிறந்தவர்களிடத்தில் வேறுவிதமாகவும் நடப்பவருடைய பிரச்சினை பெரும்பாலும் அந்த ஓர் உறவுக்குள் இருக்கிறது. கோளாறு போகுமிடமெல்லாம் கூடவே போகும்.

மூன்றாவது, என்ன விலை? அந்தக் குணத்தால் அவருடைய சொந்த வாழ்க்கையே சிதைய வேண்டும். தொழில் நிலைக்காது, நட்பு நிலைக்காது, அல்லது உள்ளுக்குள் தாங்கமுடியாத வேதனை இருக்கும்.

இந்த மூன்றாவது கேள்வியின் கனத்தை உலகம் பார்த்தது 2017இல். டொனால்ட் ட்ரம்புக்கு இந்த நோய்தான் இருக்கிறது என்று அமெரிக்காவில் பலரும் எழுதிக்கொண்டிருந்த நேரம், உளநல மருத்துவர் அலன் பிரான்சஸ் நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகைக்கு ஒரு கடிதம் அனுப்பினார். அதே நோய்க் கையேட்டின் நான்காம் பதிப்பை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் அவர். இந்தக் கோளாறின் வரையறையை எழுதியவன் நானே, ட்ரம்ப் அதற்குள் வரமாட்டார் என்றார். ட்ரம்ப் ஆதரவாளரல்ல அவர். அதே கடிதத்தில் அவருடைய அரசியலைக் கடுமையாகக் கண்டித்திருந்தார். ஆனால் ஒருவர் எவ்வளவுதான் தற்பெருமைக்காரராக இருந்தாலும், அதனால் அவருக்கே வேதனையோ வாழ்க்கைச் சிதைவோ இல்லையென்றால் அது நோயல்ல என்பது அவருடைய வாதம். கெட்ட நடத்தைக்கெல்லாம் நோய்ப் பெயர் வைப்பது உண்மையான நோயாளிகளை அவமதிப்பதாகும் என்றும் எழுதினார்.

நம் ஊரில் இந்த வேறுபாடு புதியதல்ல. கிப்ர், உஜ்ப் என்ற இரண்டு சொற்களையும் குத்பாக்களில் கேட்டே வளர்ந்திருக்கிறோம். இமாம் கஸ்ஸாலி தன் இஹ்யாவில் இவற்றுக்கென்றே ஒரு பகுதியை ஒதுக்கியிருக்கிறார். கிப்ருக்கு இன்னொரு ஆள் தேவை. அவனைவிட நான் மேல் என்று நினைப்பது அது. உஜ்புக்கு ஆள் தேவையில்லை; தனியே இருந்தும் தன்னை வியந்துகொள்ளலாம். இரண்டையும் அவர் எந்த மனிதனுக்கும் வரக்கூடிய, ஒவ்வொருவரும் தன்னிடம் தேடித் திருத்திக்கொள்ள வேண்டிய உள்ளத்துப் பிணியாகவே சொல்கிறார். அடுத்தவர் நெற்றியில் ஒட்டுவதற்கு ஒரு பெயராக அல்ல.

தன்னம்பிக்கை இதிலிருந்தும் வேறு. எனக்குத் தெரிந்த ஒரு விவசாயி பெரும்போக அறுவடை முடிந்ததும் தேநீர்க் கடையில் இருந்து, "என்ட வயல்ல எடுத்த மாதிரி இந்த ஊர்ல ஆரும் எடுக்கல்ல" என்று அடித்துச் சொல்வார். கேட்பவர்களுக்கு எரிச்சல்தான். ஆனால் பக்கத்து வயல்காரர் வந்து "காக்கா, உங்கட பயிர்ல பூச்சி பிடிச்சிரிக்கி" என்றால் உடனே இறங்கிப் போய்ப் பார்ப்பார். பிழை தன்னுடையதென்றால் சிரித்துக்கொண்டு ஒத்துக்கொள்வார். கோளாறு உள்ளவரால் இது முடியாது. வெளியில் மலைபோலத் தெரியும் அவருடைய மதிப்பு, அடுத்தவர் வாயிலிருந்து வரும் புகழில் தொங்கிக்கொண்டிருக்கிறது. சின்னத் திருத்தமும் அவருக்குப் பெரும் அவமானம். ஒன்றில் வெடிப்பார், அல்லது சொன்னவரை வாழ்க்கையிலிருந்தே வெட்டிவிடுவார். ஒருவர் எவ்வளவு பெருமை பேசுகிறார் என்பதைவிட, அவரைத் திருத்தும்போது என்ன நடக்கிறது என்பதுதான் கூடுதலாகச் சொல்லும்.

இனி அந்தப் பெண்ணிடம் திரும்புவோம். வீடியோவை நிறுத்திவிட்டு மூன்று கேள்விகளையும் கேட்டேன்.

"எப்ப இருந்து தங்கச்சி?"

யோசித்தார். கல்யாணம் முடித்த முதல் நான்கு வருடம் இப்படி இல்லை. கணவர் கட்டாரில் இருந்தார். மாதாமாதம் காசு அனுப்பினார், ஒவ்வொரு நாளும் கதைத்தார். வேலை போய் ஊர் திரும்பிய பின்தான் இந்த மாற்றம். வந்து ஒரு கடை போட்டார், அது நட்டத்தில் போனது. எங்கெல்லாம் இப்படி என்று கேட்டபோது, அவருடைய ராத்தாவின் பிள்ளைகள் அவரிடம் ஓடி வருவார்கள், கூட்டாளிகள் எட்டு வருடமாக அதே கூட்டாளிகள் என்றார். காசை ஏன் மறைக்கிறார் என்பது இரண்டாம் சந்திப்பில், கணவரும் வந்து உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. கடைக்காக வாங்கிய கடன் இன்னும் பாதிக்கு மேல் இருந்தது. மனைவியின் வீட்டில் குடியிருக்கும் மருமகன், வேலையில்லை என்ற பேச்சைத் தினமும் காதில் வாங்கிக்கொண்டிருந்தவர், கடனையும் சொல்லிச் சிறுமைப்பட விரும்பவில்லை. புதுச் சேர்ட்டுப் படங்கள் அந்தச் சிறுமையை மறைக்கப் போட்டவை.

நோயைத் தீர்மானிப்பது என் வேலையல்ல. அது உளநல வைத்தியருடையது. அவர்களும்கூட ஒரே இருப்பில், வீட்டாரைக் கேட்காமல் தீர்மானிப்பதில்லை. ஆனால் இந்த ஆளை அந்தத் திசையில் அனுப்ப எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை.

அதற்காக அவர் செய்தது சரியாகிவிடாது. மற்றவர்கள் முன்னிலையில் மனைவியை அவமானப்படுத்தினார், குடும்பச் செலவை இருட்டில் வைத்தார். அவை பெயர் சொல்லிப் பேசப்பட வேண்டியவை. பேசினோம். கடன் கணக்கு ஒரு கொப்பியில் எழுதப்பட்டது, மாதச் செலவுக்கு ஒரு தொகை முடிவானது, மாமி வீட்டார் முன் என்ன பேசக்கூடாது என்பதும் முடிவானது. "நார்சிஸ்ட்" என்ற சொல்லோடு நின்றிருந்தால் இதில் எதற்கும் இடமே இருந்திருக்காது. மாறாத ஒருவரிடம் கணக்குக் கேட்க முடியாதே.

இந்தச் சொல் வேறு இரண்டு விதத்திலும் ஆபத்தானது. ஒன்று, மருந்தால் குணப்படுத்தக்கூடிய வருத்தத்தை அது மறைத்துவிடும். அமைதியாக இருந்த ஓர் இளைஞன் சில வாரங்களுக்குள் பெரிய ஆளாகப் பேசத் தொடங்கி, இரவில் இரண்டு மூன்று மணித்தியாலம் தூங்கியும் களைப்பில்லாமல், கடன் வாங்கிச் செலவழித்துத் திரிந்தால் அது பெருமையல்ல. பித்துநிலை எனப்படும் மனநோயாக இருக்கலாம், ஐஸ் போன்ற போதைப்பொருளாகவும் இருக்கலாம். தாமதிக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்திலும் ஆலோசனை கேட்கலாம்.

மற்றது, உண்மையான கொடுமையை அந்தச் சொல் ஒரு மருத்துவ வாதமாக்கிவிடும். அடிக்கும், மிரட்டும், இழிவுபடுத்தும் ஒருவருக்கு அந்தக் கோளாறு இருக்கிறதா என்று நிரூபிக்க எந்தப் பெண்ணுக்கும் தேவையில்லை. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம், உடல் ரீதியான வன்முறையோடு பாரதூரமான உளரீதியான துன்புறுத்தலையும் சேர்த்தே சொல்கிறது. நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கும்போது அவர் என்ன வியாதிக்காரர் என்று சொல்ல வேண்டியதில்லை. என்ன செய்தார், எப்போது செய்தார், யார் கண்டார்கள் என்று சொல்ல வேண்டும். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. அங்கேயும் கேட்கப்படுவது அதுதான்.

உண்மையிலேயே அந்தக் கோளாறு உள்ளவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் "எனக்குப் பெருமை கூட" என்று வருவதில்லை. பதவி பறிபோய், பிள்ளைகள் பேசாமல் விட்டு, இருந்த ஒவ்வொரு இடத்திலும் சண்டையோடு வெளியேறி, கடைசியில் தூக்கம் வராமல், வாழ்ந்து என்ன என்ற கட்டத்தில் வருகிறார்கள். நீண்டகால உளச்சிகிச்சையில் மெதுவாக என்றாலும் சிலரில் மாற்றம் வருகிறது. வீடியோவைப் பார்த்துவிட்டு ஊரே கேலிக்கு வீசும் ஒரு சொல்லாக அவர்களுடைய வருத்தம் ஆகிவிட்டால், அவர்களும் வரமாட்டார்கள்.

அந்தப் பெண் மூன்றாம் முறை வந்தபோது வீடியோ எதையும் காட்டவில்லை. கொப்பியைத்தான் காட்டினார். கடனில் ஒரு கட்டு அடைபட்டிருந்தது. "இன்னும் பேச்சுல பெருமைதான் சேர்," என்றார். "ஆனா இப்ப நான் 'கொப்பிய எடுங்க' எண்டா எடுக்கிறார்."