கடைசிப் படி ஏன் தடுக்குகிறது?

மன்னார்குடியில் தங்கை வீடு கட்டிக் குடிபோய் மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஒருநாள் போன் செய்தாள். "அண்ணா, மாடிக்குப் போற எல்லாருமே கடைசிப் படியில தடுக்கிக்கிறாங்க. அத்தை ரெண்டு தடவை விழப் பார்த்தாங்க. படியெல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கு?"

வீடுகளுக்கு வரைபடம் போடுவது என் தொழில். அவள் வீட்டுக்கு நான் போடவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை டேப்பை எடுத்துக்கொண்டு போனேன். மொத்தம் 18 ஏற்றம். ஒன்பது ஏறினால் நடுவில் லேண்டிங், திரும்பி இன்னொரு ஒன்பது. கீழிருந்து ஒவ்வொன்றாக அளந்தேன். முதல் படியின் உயரம் 5¾ அங்குலம். அதற்குப் பிறகு வந்த பதினாறும் பிசகில்லாமல் 7 அங்குலம். மாடித் தளத்தில் கால் வைக்கும் கடைசி ஏற்றம் மட்டும் 8¼ அங்குலம்.

நின்று பார்த்தால் இந்த வித்தியாசம் தெரியாது. கால்தான் கண்டுபிடிக்கும். படி ஏறும்போது முதல் இரண்டு மூன்று படிகளிலேயே கால் அந்த உயரத்தைப் பழகிக்கொள்கிறது. அதன்பின் நாம் படியைப் பார்ப்பதில்லை. தேவையான அளவுக்கு மேல் சிறிதளவுதான் காலைத் தூக்குகிறோம். பதினாறு முறை 7 அங்குலம் தூக்கிப் பழகிய கால், பதினெட்டாவதில் 8¼ வந்தால் விளிம்பில் இடிக்காமல் என்ன செய்யும்? அமெரிக்க வீட்டுக் கட்டட விதியில், ஒரே வரிசையில் உள்ள படிகளில் உயரமானதற்கும் தாழ்வானதற்கும் இடையே 3/8 அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் கூடாது என்று எழுதியிருக்கிறார்கள். தங்கை வீட்டில் ஒவ்வொரு வரிசையிலும் அது 1¼ அங்குலம்.

அந்த 7 அங்குலம் எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அதில் தப்பில்லை. அவள் வீட்டில் கீழ்த்தளத்திலிருந்து மாடித்தளத்துக்கு உயரம் 10 அடி 6 அங்குலம், அதாவது 126 அங்குலம். அதை 18-ஆல் வகுத்தால் சரியாக 7. மிதி, அதாவது கால் வைக்கும் பகுதியின் அகலம், 10 அங்குலம். சைட்டில் உயரத்தை ரைசர் என்றும் மிதியை டிரெட் என்றும் சொல்வார்கள். இரண்டுக்கும் இடையே ஒரு பழைய கணக்கு உண்டு. பாரிஸ் கட்டடக்கலைக் கழகத்தின் தலைவராக இருந்த பிரான்சுவா புளோந்தெல் 17-ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்தது. சமதரையில் மனிதன் ஓர் எட்டுக்கு ஏறத்தாழ 24 அங்குலம் நடக்கிறான். காலை ஓர் அங்குலம் மேலே தூக்கினால், முன்னே வைப்பதில் இரண்டு அங்குலம் குறைகிறது. ஆகவே உயரத்தை இரண்டால் பெருக்கி மிதி அகலத்தைக் கூட்டினால் 24 வரவேண்டும் என்றார். அந்தக் கால பிரெஞ்சு அங்குலம் நம்முடையதைவிடக் கொஞ்சம் பெரிது. இன்று நாம் 24-லிருந்து 25-க்குள் வந்தால் சரி என்று கொள்கிறோம். இரண்டு ஏழு 14, அதோடு 10, மொத்தம் 24. தங்கை வீட்டுப் படி கணக்கில் தேறுகிறது.

ஆனால் இந்தக் கணக்கை மட்டும் நம்பிவிடக் கூடாது. 9 அங்குல உயரமும் 6 அங்குல மிதியும் வைத்தாலும் 24-தான் வரும். அது படி அல்ல, ஏணி. அதனால்தான் நம் நாட்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு இரண்டு பக்கமும் எல்லை கட்டுகிறது. வீடுகளில் படியின் உயரம் 190 மில்லிமீட்டருக்கு, அதாவது 7½ அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது. மிதி 250 மில்லிமீட்டருக்கு, ஏறத்தாழ 10 அங்குலத்துக்குக் குறையக்கூடாது. மிதி போதாத படியைக் கண்டுபிடிக்க டேப்பே வேண்டாம். இறங்குகிறவர்களின் பாதத்தைப் பாருங்கள். ஏறும்போது முன்பாதம் பதிந்தாலே போதும். இறங்கும்போது குதிகால் பின்படியில் உரசாமல் முன்பாதம் முழுதாகப் பதிய இடம் வேண்டும். இடம் இல்லையென்றால் பாதத்தைப் பக்கவாட்டில் திருப்பி நண்டுபோல இறங்குவார்கள்.

வயதானவர்கள் இருக்கும் வீட்டில் நானாக இருந்தால் 18-க்குப் பதில் 20 ஏற்றம் வைத்திருப்பேன். அப்போது உயரம் 6.3 அங்குலம், மிதி 11½. மூட்டுவலிக்காரர்களுக்கு அந்த முக்கால் அங்குலம் பெரிய விஷயம். ஆனால் இடம் கூடுதலாகப் பிடிக்கும். ஒரு வரிசையில் ஏற்றங்களின் எண்ணிக்கையைவிட மிதி ஒன்று குறைவு, கடைசி ஏற்றத்துக்கு லேண்டிங்கே மிதியாகிவிடுகிறது. ஆகவே ஒன்பது ஏற்றத்துக்கு எட்டு மிதி, 80 அங்குலம். பத்து ஏற்றத்துக்கு ஒன்பது மிதி, 103½ அங்குலம். படிக்கான இடம் கிட்டத்தட்ட 2 அடி நீள வேண்டும். வீட்டு வரைபடத்தில் அறைகளுக்கெல்லாம் ஒதுக்கிவிட்டு மிச்சத்தைப் படிக்குக் கொடுப்பதால்தான் இந்த 2 அடி யாருக்கும் கிடைப்பதில்லை.

சரி, சரியான கணக்கில் பிறந்த படி எப்படிக் கெட்டது? கான்கிரீட் போட்ட அன்று பதினெட்டும் 7 அங்குலமாகத்தான் இருந்திருக்கும். பிறகு தரை வேலை வந்தது. கீழேயும் மாடியிலும் கலவை போட்டு டைல்ஸ் ஒட்டியதில் தளம் 2½ அங்குலம் உயர்ந்தது. படிகளில் மெல்லிய கலவையின் மேல் கிரானைட் பதித்ததால் அவை 1¼ அங்குலம்தான் உயர்ந்தன. கீழே தரை மேலே வந்து முதல் படியில் 1¼ அங்குலத்தை விழுங்கிவிட்டது. மேலே தளம் எழும்பிக் கடைசி ஏற்றத்தில் அதே 1¼ அங்குலத்தைக் கூட்டிவிட்டது. நடுவில் உள்ள படிகள் எல்லாம் ஒரே அளவு உயர்ந்ததால் அவற்றுக்குள் மாற்றமில்லை. நம்மூர் வீடுகளில் முதல் படியும் கடைசிப் படியும் மட்டும் ஒத்துவராமல் போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

இன்னொரு காரணமும் உண்டு. "லாபம், நஷ்டம்" என்று எண்ணிக்கொண்டு போய் லாபத்தில் முடிய வேண்டும் என்று, சென்டரிங் அடித்த பிறகு ஒரு படியைக் கூட்டவோ குறைக்கவோ சொல்வார்கள். ஒற்றைப்படை வேண்டுமென்றால் தாராளமாக வைத்துக்கொள்ளலாம், ஆனால் வரைபடத்திலேயே முடிவு செய்துவிட வேண்டும். அதே 126 அங்குலத்தை 19-ஆல் வகுத்தால் 6⅝ அங்குலம், அருமையான உயரம். கடைசி நேரத்தில் திணித்த படிதான் பாதி உயரத்தில் நின்று காலை வாரும்.

தங்கை வீட்டு லேண்டிங்கில் எனக்குக் குறை இல்லை. படி 3 அடி அகலம், லேண்டிங்கும் திரும்பும் இடத்தில் 3 அடி. லேண்டிங் ஒருபோதும் படியின் அகலத்தைவிடக் குறையக்கூடாது. இடம் கிடைத்தால் அரை அடி கூடுதலாகவே வைக்கலாம். ஆறரை அடி பீரோவை இரண்டு பேர் தூக்கி வந்து அங்கேதான் திருப்ப வேண்டும். நடக்க முடியாதவரை நாற்காலியில் உட்கார வைத்து இறக்குவதும் அந்த வழியில்தான். சில வீடுகளில் இடம் மிச்சம் என்று லேண்டிங்கையே மூன்று முக்கோணப் படிகளாக வெட்டிவிடுகிறார்கள். அந்தப் படியின் உள்முனையில் மிதி என்பதே இல்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உள்பக்கமாக இறங்குகிற வயதானவரின் கால் அந்த இல்லாத இடத்தில்தான் விழும். எந்த வீட்டுக்கும் நான் இதை ஒப்புக்கொள்வதில்லை.

ஹெட்ரூம் என்றால் நம் பக்கத்தில் மொட்டைமாடியில் படிக்கு மேலே கட்டும் சிறு அறை என்றே பொருளாகிவிட்டது. உண்மையில் அது படியின் விளிம்பிலிருந்து நேர்மேலே இருக்கும் தடை வரையுள்ள உயரம். படிக்கும் லேண்டிங்குக்கும் அடியில் நடக்கும் வழியில் 2.2 மீட்டர், அதாவது 7 அடி 3 அங்குலம் வேண்டும் என்கிறது நம் விதித்தொகுப்பு. படிகளுக்கு மேலேயும் நான் அதே அளவைத்தான் வைக்கிறேன். தங்கை வீட்டில் நடு லேண்டிங்கின் அடிப்பகுதி தரையிலிருந்து 4 அடி 9 அங்குலத்தில் இருந்தது. அங்கே இன்வெர்ட்டரும் காலி டப்பாக்களும் வைத்திருந்தாள். அதுதான் சரி. இந்த உயரத்தில் கழிப்பறை கட்டித் தலையில் இடித்துக்கொள்ளும் வீடுகள் ஏராளம்.

திரும்பாமல் நேராக ஏறும் படியில் ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. மாடியில் அறை பெரிதாக வேண்டும் என்று கூரைத் திறப்பைச் சுருக்கிவிடுவார்கள். இதே 126 அங்குல உயரத்தில், 6 அங்குல ஸ்லாபும் அதற்குக் கீழே 9 அங்குலம் இறங்கும் பீமும் இருந்தால், பீமின் அடிப்பகுதி தரையிலிருந்து 111 அங்குலத்தில் நிற்கும். திறப்பை 10 அடிக்கு விட்டால் பீமுக்கு நேர்கீழே ஆறாவது படி வரும். அதன் உயரம் 42 அங்குலம். மிச்சம் 69 அங்குலம், அதாவது 5 அடி 9 அங்குலம். கொஞ்சம் உயரமானவர் இறங்கும்போது நெற்றி நேராகப் பீமில் போய் மோதும். திறப்பு 12½ அடி இருந்தால் மூன்றாவது படிக்கு மேல்தான் பீம் வரும், ஏழரை அடி கிடைக்கும். ஸ்லாப் போட்ட பிறகு இதைச் சரிசெய்ய வழியே இல்லை.

தங்கை வீட்டுக் குறைக்கு நல்லவேளையாக வழி இருந்தது. கடைசி ஏற்றத்தைக் குறைக்க மாடித் தளத்தின் விளிம்பைக் கொத்திவிடலாமா என்று அங்கிருந்த மேஸ்திரி கேட்டார். வேண்டவே வேண்டாம் என்றேன். கொத்தினால் கம்பிக்கு மேலுள்ள கான்கிரீட் போய், கம்பி துருப்பிடிக்கும். அதற்குப் பதிலாக லேண்டிங் உட்பட எல்லாப் படிகளையும் 1¼ அங்குலம் உயர்த்தச் சொன்னேன். அப்படிச் செய்தால் முதல் படி 5¾-லிருந்து 7 ஆகும், கடைசி 8¼-லிருந்து 7 ஆகும், நடுவில் எதுவும் மாறாது. கூடுதல் கலவையின் எடையைப் படி தாங்குமா என்று ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் கேட்டுக்கொண்ட பிறகு கிரானைட்டைப் பெயர்த்தார்கள். பாதிக் கல் உடைந்தது. படிகள் உயர்ந்ததால் கைப்பிடியின் உயரம் அதே அளவு குறைந்தது. அதையும் கழற்றி ஏற்ற வேண்டியிருந்தது.

இப்போது நான் பார்க்கும் வீடுகளில் சென்டரிங் அடிப்பதற்கு முன்பே எந்தத் தளத்துக்கு எவ்வளவு கனம், படிக்கு எவ்வளவு கனம் என்று வீட்டுக்காரரிடம் கேட்டு எழுதிக்கொள்கிறேன். டியூப் லெவல் பிடித்து, டைல்ஸ் ஒட்டியபின் தளம் வரப்போகும் மட்டத்தைக் கீழேயும் மேலேயும் சுவரில் கோடு போடுகிறோம். அந்த இரண்டு கோட்டுக்கும் இடையேதான் படிகளைப் பிரிக்கிறோம். பிறகு ஒவ்வொரு கோட்டிலிருந்தும் கிரானைட்டின் கனத்தைக் கழித்தால் கான்கிரீட் நிற்க வேண்டிய மட்டம் கிடைக்கும்.

போன மாதம் கான்கிரீட் போட்ட மறுநாள் ஒரு மேஸ்திரி கூப்பிட்டார். "சார், முதல் படி எட்டேகால் இருக்கு, கடைசிப் படி அஞ்சே முக்கால்தான் இருக்கு. பலகை எங்கயோ மாறிப்போச்சு போல." பலகை மாறவில்லை. தரை 2½ அங்குலமும் படி 1¼ அங்குலமும் ஏறிய பிறகு இரண்டும் 7-க்கு வந்துவிடும் என்று சுவரில் இருந்த கோட்டைக் காட்டிச் சொன்னேன். டைல்ஸ் வேலை முடிந்ததும் அவரே அளந்து பார்த்துவிட்டுப் போன் செய்தார்.