கைப்பேசியில் இணையும் விபிஎன், விண்டோசில் மட்டும் ஏன் மறுக்கிறது?

வேலையிடத்தின் கோப்புகளை வீட்டிலிருந்தே திறக்க விபிஎன் இணைப்பு தேவைப்படும்போது, விண்டோஸ் கணினியில் தனிச் செயலி எதையும் பதிவிறக்க வேண்டியதில்லை. அந்த வசதி விண்டோசிலேயே இருக்கிறது. சேவையகத்தின் முகவரி, பயனர் பெயர், கடவுச்சொல், இரு தரப்பும் அறிந்த இரகசியச் சாவி ஆகியவற்றை எழுதி "Connect" பொத்தானை அழுத்தினால் போதும். ஆனால் சில இடங்களில் சற்று நேரம் சுழன்றபின் 809 என்ற பிழை எண் தோன்றுகிறது. தொலைவிலுள்ள சேவையகம் பதிலளிக்கவில்லை என்று திரை சொல்கிறது.

அந்த வாசகத்தை அப்படியே நம்பிவிடக்கூடாது. பல நேரங்களில் சேவையகம் பதிலளித்திருக்கும். அதற்குமேல் பேச வேண்டாம் என்று நம் விண்டோஸ் கணினிதான் முடிவெடுத்திருக்கும்.

இதைப் புரிந்துகொள்ள, முதலில் 'நாட்' என்பதைத் தெரிந்துகொள்வோம். வீவக புளோக் ஒவ்வொன்றுக்கும் ஓர் அஞ்சல் குறியீடு உண்டு. நூறு குடும்பங்கள் வசித்தாலும் குறியீடு ஒன்றுதான். கடிதம் சரியான வீட்டுக்குப் போவது '#08-' என்று தொடங்கும் வீட்டு எண்ணால். இணையத்திலும் அப்படித்தான். வீட்டில் ஐந்து கருவிகள் இருந்தாலும் வெளியுலகுக்குத் தெரிவது ரவுட்டரின் ஒரே முகவரி. உள்ளே வரும் தரவு எந்தக் கருவிக்கு உரியது என்பதை 'போர்ட்' எண்ணைப் பார்த்து ரவுட்டர் பிரித்துக்கொடுக்கிறது. முகவரியை மாற்றிப் பிரிக்கும் இந்த வேலைக்குத்தான் நாட் என்று பெயர்.

விண்டோசில் "L2TP/IPsec with pre-shared key" என்ற வகையைத் தேர்ந்தெடுக்கும்போது இரண்டு பேர் வேலை செய்கிறார்கள். எல்2டிபி சுரங்கப்பாதையை அமைக்கிறது; ஐபிசெக் அதற்குப் பூட்டுப் போடுகிறது. ஐபிசெக் பூட்டிய தரவுப் பொட்டலத்துக்குப் போர்ட் எண்ணே கிடையாது. வீட்டு எண் எழுதாத கடிதம் புளோக்கின் கீழ்த்தளத்துக்கு வந்தால் என்ன ஆகுமோ, அதே சிக்கல் ரவுட்டருக்கும் ஏற்படுகிறது.

இதற்கான தீர்வு 2005ஆம் ஆண்டிலேயே இணையத் தரமாக வெளியானது. பூட்டிய பொட்டலத்தை யூடிபி 4500 என்ற எண் எழுதிய இன்னோர் உறைக்குள் போட்டு அனுப்புவதே அந்தத் தீர்வு. இரு தரப்பும் முதலில் யூடிபி 500இல் பேசிக்கொள்கின்றன. அப்போது ஒவ்வொன்றும் தான் அறிந்த முகவரியின் சுருக்கக் குறியை மற்றதற்கு அனுப்புகிறது. வந்த குறியும் தன் உண்மையான முகவரியும் பொருந்தாவிட்டால், வழியில் நாட் இருக்கிறது என்று பொருள். உடனே பேச்சு 4500க்கு மாற வேண்டும்.

விண்டோஸ் தயங்குவது இந்தக் கட்டத்தில்தான். நாட் நம் பக்கம் மட்டும் இருந்தால் அதற்கு ஆட்சேபம் இல்லை. சேவையகமே ஒரு நாட்டுக்குப் பின்னால் இருப்பதைக் கண்டால், இயல்பமைப்பில் அது இணைய மறுத்துவிடும். 2004இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியின் இரண்டாவது சேவைத் தொகுப்பிலிருந்து இந்த நிலைதான்.

மைக்ரோசாஃப்ட் இதற்கு ஒரு காரணம் சொன்னது. ஓர் அலுவலக ரவுட்டர், 500, 4500 ஆகிய எண்களுக்கு வருவதையெல்லாம் சேவையகத்துக்கே அனுப்பும்படி அமைக்கப்பட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். அதே அலுவலகத்தின் இன்னொரு கணினி, வெளியே உள்ள ஒருவரோடு தனியாக ஐபிசெக் தொடர்பு வைத்திருக்கிறது. அந்த வெளியாள் தொடர்பைப் புதுப்பிக்க அனுப்பும் செய்தி, அந்தக் கணினிக்குப் போகாமல் சேவையகத்தின் கைக்குப் போய்விடலாம். பக்கத்து வீட்டுக் கடிதம் நம் பெட்டியில் விழுவதைப் போன்றது இது. அதைத் தவிர்க்கவே கதவு மூடப்பட்டது. ஒரே ஒரு சேவையகம் மட்டும் ஐபிசெக் பயன்படுத்தும் சிறிய அலுவலகத்தில் இந்த ஆபத்து எழும் வாய்ப்பு மிகக் குறைவு. ஆனாலும் மூடிய கதவு அங்கும் மூடியே இருக்கிறது.

இனி ஓர் உண்மை நிலவரம். கிளமெண்டியில் ஒரு சிறிய துணைப்பாட நிலையம். பயிற்சித்தாள்களும் மதிப்பெண் பட்டியல்களும் அங்குள்ள சேவையகத்தில் இருக்கின்றன. ரவுட்டருக்குப் பின்னால் அதன் உள்முகவரி 192.168.1.20. அங்குக் கற்பிக்கும் அக்கா ஒருவர் ஜூரோங்கில் உள்ள தம் வீட்டிலிருந்து இணைய முயன்றால் ஒவ்வொரு முறையும் 809. "கடவுச்சொல்லை நாலு தடவை மாத்திட்டேன், ஒண்ணும் நடக்கல," என்றார்.

கடவுச்சொல்லை மாற்றிப் பயனில்லை என்பதைப் பிழை எண்ணே சொல்லிவிடுகிறது. பெயரோ கடவுச்சொல்லோ தவறு என்றால் பொதுவாக 691 வரும். இரகசியச் சாவி பொருந்தாவிட்டால் 789 வருவதுண்டு. 809 என்றால் பேச்சு அந்த நிலைக்கே போகவில்லை என்று பொருள். அப்படியானால் சிக்கல் பாதையிலா, கணினியிலா?

இதைப் பிரித்தறிய ஐபேட் ஒன்று போதும். அதிலும் இதே வகை விபிஎன் வசதி உண்டு. விண்டோசின் அந்தத் தயக்கம் அதற்கு இல்லை. சோதனையை நிலையத்தின் வைஃபையில் செய்யக்கூடாது. உள்ளேயிருந்து வெளிமுகவரியை அழைத்தால் சில ரவுட்டர்கள் அதைத் திருப்பி அனுப்பத் தெரியாமல் விழிக்கும். எனவே கைப்பேசியின் மொபைல் டேட்டாவைப் பகிர்ந்து ஐபேடில் முயன்றோம். அதுவும் இணையவில்லை. ஆகவே சிக்கல் பாதையில் இருந்தது.

ரவுட்டரின் "Port Forwarding" பக்கத்தைத் திறந்தபோது காரணம் தெரிந்தது. யூடிபி 500 சரியாக 192.168.1.20க்குத் திருப்பப்பட்டிருந்தது. 4500 எண்ணும் இருந்தது, ஆனால் யூடிபிக்குப் பதில் டிசிபி என்று பதிவாகியிருந்தது. கூடவே 1701 என்ற எண்ணும் திறந்திருந்தது. அது எல்2டிபியின் எண். ஆனால் அது பூட்டிய உறைக்குள்ளேயே பயணம் செய்வதால் ரவுட்டருக்குத் தெரியவே தெரியாது. அதை வெளியே திறந்து வைப்பதால் பயன் இல்லை. பூட்டு இல்லாத எல்2டிபிக்கு வழிவிடும் அபாயம்தான் உண்டு. 1701ஐ நீக்கி, 4500ஐ யூடிபியாக மாற்றியதும் ஐபேட் உடனே இணைந்தது.

போர்ட் திறந்திருக்கிறதா என்று பார்க்கப் பலரும் விண்டோசின் `Test-NetConnection` கட்டளையை நாடுவார்கள். அது டிசிபியை மட்டுமே சோதிக்கும். யூடிபி 500 சரியாக இருந்தாலும் அது தோல்வி என்றே காட்டும். மாறாக, வயர்ஷார்க் என்ற இலவசச் செயலியில் கீழ்க்கண்ட வடிகட்டியைப் போட்டு, இணைப்புப் பொத்தானை அழுத்திப் பார்க்கலாம்.

```
udp.port == 500 || udp.port == 4500
```

500க்கு நாம் அனுப்புவது மட்டும் தெரிந்து, பதில் ஒன்றுகூட வராவிட்டால், பாதை அடைபட்டிருக்கிறது. பதில் வந்தும் இணைப்பு நின்றுவிட்டால், 4500ஐயும் விண்டோசின் தயக்கத்தையும் சந்தேகிக்க வேண்டும்.

துணைப்பாட நிலையத்தில் பாதை சரியான பிறகும் விண்டோஸ் மடிக்கணினியில் அதே 809 வந்தது. 500இலிருந்து பதில் வருவதை வயர்ஷார்க் காட்டியது. ஐபேட் இணைகிறது, விண்டோஸ் இணையவில்லை என்ற இந்த வேறுபாடுதான் ரெஜிஸ்ட்ரி அமைப்பைச் சுட்டும் தெளிவான அடையாளம். நிர்வாகி உரிமையுடன் கட்டளைச் சாளரத்தைத் திறந்து இந்த ஒரு வரியை இட வேண்டும்.

```
reg add HKLM\SYSTEM\CurrentControlSet\Services\PolicyAgent /v AssumeUDPEncapsulationContextOnSendRule /t REG_DWORD /d 2 /f
```

கடைசியில் உள்ள 2 என்ற எண்ணில்தான் எல்லாம் இருக்கிறது. 0 என்றால் இயல்பான மறுப்பு. 1 என்றால் சேவையகம் நாட்டுக்குப் பின்னால் இருப்பதை ஏற்கலாம். 2 என்றால் சேவையகம், நம் கணினி இரண்டுமே நாட்டுக்குப் பின்னால் இருப்பதை ஏற்கலாம். வீட்டு ரவுட்டர் வழியாக இணைபவர்களுக்கு 2தான் பொருந்தும். சேவையகமும் விண்டோசில் இயங்கினால், அதிலும் இதே மாற்றத்தைச் செய்ய வேண்டும்.

இந்தப் பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும் விண்டோஸ் எச்சரிக்காது. பொருளற்ற ஒரு பதிவை அமைதியாக உருவாக்கிவிட்டுப் பழையபடியே மறுக்கும். எனவே தட்டச்சு செய்வதைவிடப் பிரதி எடுத்து ஒட்டுவது நல்லது. கணினியை மறுபடி தொடக்கும்வரை மாற்றம் நடப்புக்கு வராது. அக்காவின் மடிக்கணினி மறுபடி தொடங்கியதும் வயர்ஷார்க்கில் 4500 வரிகள் இரு திசைகளிலும் ஓடின. கோப்புகளும் திறந்தன.

இந்த வழி உதவாத இரண்டு சூழல்களையும் அறிந்திருக்க வேண்டும். முதலாவது, நேற்றுவரை இணைந்தது இன்று திடீரென நின்றுவிடும் நிலை. 2022 ஜனவரி 11ஆம் தேதி வெளியான விண்டோஸ் புதுப்பிப்பு, எல்2டிபி இணைப்புகளையே முடக்கியது. மைக்ரோசாஃப்ட் அதற்கான திருத்தத்தை 17ஆம் தேதி வெளியிட்டது. அத்தகைய நாளில் ரெஜிஸ்ட்ரியைத் தொடுவதைவிடப் புதுப்பிப்பு வரலாற்றைப் பார்ப்பதே முறை.

இரண்டாவது, சேவையகம் இருக்கும் இடத்தின் ரவுட்டருக்கே பொது முகவரி இல்லாத நிலை. ரவுட்டரின் வெளிமுகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், இணையச் சேவை நிறுவனம் தன் பக்கத்தில் இன்னொரு நாட் வைத்திருக்கிறது. அப்போது நம் ரவுட்டரில் எந்தப் போர்ட்டைத் திறந்தாலும் வெளியிலிருந்து யாரும் வந்து சேர முடியாது. பொது முகவரி தரும்படி நிறுவனத்திடம் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை.

எதிர்காலத்தில் விண்டோஸ் சர்வரிலிருந்து எல்2டிபியை விலக்கிக்கொள்ளப் போவதாக மைக்ரோசாஃப்ட் 2024 அக்டோபரில் அறிவித்தது. அது பரிந்துரைக்கும் ஐக்கேவி2 முறையில், வழியில் நாட் இருப்பதைக் கண்டறிவது தொடக்கத்திலேயே உள்ளடங்கியிருக்கிறது. புதிதாகச் சேவையகம் அமைப்பவர்கள் அதையே தேர்ந்தெடுக்கலாம். ஏற்கெனவே எல்2டிபியில் ஓடும் சிறு அலுவலகங்களுக்கோ, இரண்டு யூடிபி எண்களும் ஒரு ரெஜிஸ்ட்ரி வரியும் இன்னும் சில காலம் தேவைப்படும்.