மின்சாரக் கார்: விலையைத் தீர்மானிப்பது கிலோவாட்

பசறை, மடுல்சீமைத் தோட்டப் பக்கங்களுக்குச் சரக்குக் கணக்குப் பார்க்கப் போய்வரும் பதுளை வியாபாரிகள் சிலர் மின்சாரக் கார் பற்றி விசாரிக்கிறார்கள். "எது மலிவு?" என்பதே முதல் கேள்வி. அதற்குப் பதில் விலைப்பட்டியலில் இல்லை, வரியில் இருக்கிறது.

எமது நாட்டில் அரசாங்கம் வாங்குபவர் கையில் மானியப் பணம் தருவதில்லை. சலுகை உற்பத்தி வரியிலேயே வருகிறது. 2025 பெப்ரவரியில் இறக்குமதி மீண்டும் தொடங்கியபோது, மின்சாரக் காரின் உற்பத்தி வரி மோட்டாரின் சக்திக்கு ஏற்பக் கணக்கிடப்பட்டது. ஒரு வருடத்துக்குட்பட்ட வாகனமாயின் 50 கிலோவாட் வரை, கிலோவாட் ஒன்றுக்கு 18,100 ரூபா. 50 முதல் 100 வரை 24,100 ரூபா. 100 முதல் 200 வரை 36,200 ரூபா.

இங்கேதான் கவனம் தேவை. கூடிய வீதம், எல்லையைத் தாண்டிய பகுதிக்கு மட்டுமல்ல, முழு மோட்டாருக்கும் விழுகிறது. 100 கிலோவாட் காருக்கு 24 இலட்சத்து 10 ஆயிரம். 101 ஆனால் 36 இலட்சத்து 56 ஆயிரம். ஒரு கிலோவாட்டுக்காக 12 இலட்சத்துக்கு மேல் கூடுகிறது. அதன் மேல் 18 வீத வற் வரியும் சேரும்.

அடுத்தது வயது. ஒரு நண்பர் இரண்டு விலை விபரங்களைக் கொண்டுவந்தார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் 75 கிலோவாட். ஒன்று புதியது, மற்றது இரண்டு வருடம் ஓடியது. துறைமுக விலை 4 இலட்சம் குறைவு. ஆனால் ஒரு வருடம் தாண்டியதற்குக் கிலோவாட்டுக்கு 36,200 ரூபா. புதியதற்கு வரி சுமார் 18 இலட்சம், பழையதற்கு 27 இலட்சம். வற்றுடன் வித்தியாசம் 10 இலட்சத்து 70 ஆயிரம். விலை குறைந்ததால் சுங்கத் தீர்வையிலும் வற்றிலும் மிஞ்சுவதைச் சேர்த்தாலும் பழையதில் சேமிப்பு ஏறக்குறைய ஆறேகால் இலட்சமே. ஆக, "மலிவான" பழைய கார் நாலரை இலட்சம் கூடுதலாகிறது.

ஆகவே விலைக்கு முன் மோட்டார் கிலோவாட்டையும் உற்பத்தித் திகதியையும் கேளுங்கள். பெட்டரியின் கிலோவாட் மணியை இதனுடன் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது ஓடும் தூரத்தைச் சொல்வது, இந்த வரி அதற்கல்ல. விற்பவர் சொல்லும் கிலோவாட்டும் உற்பத்தியாளரின் ஆவணமும் ஒன்றாக இருக்கவேண்டும். 2025ல் 100 கிலோவாட் என அறிவிக்கப்பட்ட கார்கள் உண்மையில் 150 தானா என்ற சந்தேகத்தில் சுங்கத்தால் தடுத்துவைக்கப்பட்டு, விடயம் நீதிமன்றம் வரை சென்றது. 150 ஆயின் உற்பத்தி வரி 54 இலட்சத்துக்கு மேல்.

வர்த்தமானி மாறினால் வீதமும் மாறும். முற்பணம் கொடுக்கும் நாளில் நடைமுறையிலுள்ள வீதத்தைக் கேட்டு, மேலே சொன்னபடி நீங்களே பெருக்கிப் பாருங்கள். அளவையில் குறைக்காத வியாபாரி, அளவைக் குறைத்துச் சொன்ன காரையும் வாங்கலாகாது.