வாரத்துக்கு ஒன்று, தினமும் ஒன்று

முடக்குவாதத்துக்குச் சிகிச்சை பெறுகிறவரின் மருந்துச் சீட்டில் பெரும்பாலும் அடுத்தடுத்து இரண்டு வரிகள் இருக்கும். முதல் வரி, ஃபோலிட்ராக்ஸ்: வாரம் ஒருமுறை. அடுத்த வரி, ஃபோல்வைட்: அந்த ஒரு நாள் தவிர மற்ற நாள்களில் தினமும் ஒன்று. (இந்தக் கணக்கு மருத்துவருக்கு மருத்துவர் சற்று மாறும்.) முன்னது மெத்தோட்ரெக்ஸேட் என்ற மருந்தின் வணிகப் பெயர். பின்னது ஃபோலிக் அமிலம், கர்ப்பிணிகளுக்குத் தருகிற அதே வைட்டமின்.

இரண்டு பெயரும் ‘ஃபோல்’ என்றே தொடங்குகின்றன. இரண்டிலும் 5 மில்லிகிராம் மாத்திரை உண்டு. இரண்டு மருந்துமே இயல்பில் மஞ்சள் நிறப் பொடி என்பதால் மாத்திரையும் பெரும்பாலும் மஞ்சளாகத்தான் இருக்கும். மருந்துக் கடைக் கணினியில் FOL என்று தட்டினால் FOLITRAX, FOLVITE இரண்டும் ஒரே பட்டியலில் வந்து நிற்கும். நம் வீடுகளில் மாத்திரையைப் பெயர் சொல்லி யார் கேட்கிறார்கள்? “அந்த மஞ்சள் மாத்திரையை எடு” என்பதுதான் வழக்கம்.

பெயர் குழப்பும் மருந்துகள் என்று பட்டியல் போட்டால் நூற்றுக்கணக்கில் தேறும். அதில் சில மாறிப்போனாலும் பெரிய சேதம் இருக்காது. இந்த ஜோடி அப்படி இல்லை. ஒன்றுக்கொன்று துணையாகவே எழுதப்படுவதால் ஒரே சீட்டில், ஒரே உறையில், ஒரே டப்பாவில் எப்போதும் சேர்ந்தே இருக்கின்றன. மாறினால் உயிருக்கே ஆபத்து.

இந்தப் பெயர் ஒற்றுமை தற்செயல் அல்ல. நம் உடலில் புதிய செல் உருவாக வேண்டுமானால் ஃபோலிக் அமிலம் வேண்டும். அதைப் பயன்படும் நிலைக்கு மாற்றித் தருவது ஒரு நொதி. மெத்தோட்ரெக்ஸேட்டின் மூலக்கூறு ஏறக்குறைய ஃபோலிக் அமிலத்தின் அச்சு. பூட்டுக்குள் நுழைந்துவிட்டுத் திரும்பவும் மறுத்து, வெளியே வரவும் மறுக்கிற கள்ளச்சாவி மாதிரி, நொதியில் போய் உட்கார்ந்துகொள்ளும். புதுச் செல் உற்பத்தி நிற்கும். அதாவது, இந்த மருந்து வேலை செய்வதே ஆள்மாறாட்டத்தால்தான். உடம்பை ஏமாற்றுகிற அதே ஒற்றுமை, கம்பெனி வைத்த பெயர் வழியாக மருந்துக் கடை அலமாரி வரைக்கும் வந்துவிட்டது.

இந்த வகை மருந்துகளின் தொடக்கத்தில் நமக்குத் தெரிந்த ஒரு பெயர் இருக்கிறது. பீமாவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்காவுக்குப் போன எல்லாப்பிரகட சுப்பாராவ். லெடர்லே ஆய்வுக்கூடத்தில் அவருடைய குழு 1940களில் முதலில் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. பிறகு அதன் எதிரிகளையும் தயாரித்தது. அவற்றில் ஒன்றான அமினோப்டெரினைத்தான் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். அதன் தம்பிதான் மெத்தோட்ரெக்ஸேட். புற்றுநோய்க்கு வந்த மருந்து, மிகக் குறைந்த அளவில் வாரம் ஒருமுறை கொடுத்தால் முடக்குவாதத்தை அடக்கும் என்று பின்னால் தெரிந்தது. அமெரிக்காவில் இதற்கு 1988இல் அனுமதி கிடைத்தது. இன்று உலகம் முழுக்க முடக்குவாதத்துக்கு முதலில் எழுதுகிற மருந்து இதுவே. சரியாகச் சாப்பிட்டால் நல்ல மருந்து. பல வருடங்களாக இதைச் சாப்பிட்டு வீட்டு வேலை, வயல் வேலை எல்லாம் பார்க்கிறவர்கள் ஏராளம்.

மாறிப்போனால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஐம்பத்தெட்டு வயது அம்மா ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் 15 மில்லிகிராம் ஃபோலிட்ராக்ஸ். திங்கள் முதல் சனி வரை ஃபோல்வைட். கடையில் உறை மாறி எழுதிவிட்டார்கள். இல்லை, வீட்டில் அட்டையை மாற்றிப் போட்டுவிட்டார்கள். ஒரு வாரத்தில் 15 போக வேண்டிய இடத்தில் ஆறு நாளில் 90 மில்லிகிராம் போகிறது. தினமும் வந்திருக்க வேண்டிய பாதுகாப்பு வைட்டமினோ ஞாயிறு ஒரு நாளோடு நின்றுவிடுகிறது.

90 மில்லிகிராம் என்ற அளவு மட்டும் அல்ல இங்கே பயப்பட வேண்டியது. சில புற்றுநோய்களுக்கு இதே மருந்தைக் கிராம் கணக்கில் நரம்பில் ஏற்றுகிறார்கள். உரிய நேரத்தில் மாற்று மருந்து கொடுத்து மீட்டுவிடுகிறார்கள். கொல்வது இடைவெளி இல்லாமல் போவதுதான். வாரத்தில் ஒரு நாள் செல் உற்பத்தி தடைபட்டாலும் மீதி ஆறு நாளில் எலும்பு மஜ்ஜையும் குடலும் மூச்சு வாங்கிக்கொள்ளும். தினமும் கொடுத்தால் அந்த ஆறு நாள் கிடைப்பதே இல்லை. தினசரி டோஸாகத் தவறிச் சாப்பிட்டு இறந்தவர்கள் உண்டு என்பதை அமெரிக்காவில் இந்த மருந்தின் எச்சரிக்கைக் குறிப்பிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். இதே தவறைத் தடுக்க ஐரோப்பிய மருந்து முகமை 2019இல் புதிய விதிகளைப் பரிந்துரைத்தது.

முதல் சில நாள்களில் அந்த அம்மாவுக்கு எதுவும் தெரியாது. வேகமாக உரிந்து வளர்கிற சவ்வுகள்தான் முதலில் அடி வாங்கும், அதிலும் முதலில் வாய். காரம் பட்டால் எரிகிறது, உதட்டின் உள்பக்கம் புண். நம் ஊரில் வாய்ப்புண்ணுக்கு ஒரே விளக்கம்தான்: உடம்பு சூடு. மணத்தக்காளிக் கீரை, இளநீர், கடையில் ஒரு பி காம்ப்ளெக்ஸ். கீரையில் தவறில்லை, அந்த இரண்டு, மூன்று நாள் கைவிட்டுப் போவதுதான் தவறு. மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடுகிறவருக்குத் திடீரென்று வாய் முழுக்கப் புண் வந்தால் அதைச் சூடு என்று எடுத்துக்கொள்ளவே கூடாது. மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

பார்க்காவிட்டால் அடுத்தது வயிற்றுப்போக்கு. நீர்ச்சத்து குறைகிறது, சிறுநீரகம் மந்தமாகிறது. இந்த மருந்து வெளியேற வேண்டிய வழியே சிறுநீரகம்தான் என்பதால், உள்ளே போனது உள்ளேயே தங்குகிறது. பிறகு ரத்த வெள்ளை அணுக்கள் விழும். நாலாயிரத்துக்கு மேல் இருக்க வேண்டிய எண்ணிக்கை ஆயிரத்துக்கும் கீழே போகலாம். அப்போது வருகிற காய்ச்சல் சாதாரணக் காய்ச்சல் இல்லை. தட்டணுக்கள் குறைந்து தோலில் சிவப்புப் புள்ளிகள் தெரியலாம். இந்த நேரத்தில் காய்ச்சலுக்கும் பேதிக்கும் என்று யாராவது கோட்ரைமாக்சசோல் மாத்திரை கொடுத்தால் நிலைமை இன்னும் மோசமாகும், அதுவும் ஃபோலிக் அமிலத்தின் பாதையைத்தான் மறிக்கிறது. ‘என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்’ என்று கேட்காமல் மருந்து கொடுக்கிற பழக்கம் இங்கே உயிரை எடுக்கும்.

பெயரை இப்படி வைக்க எப்படி விடுகிறார்கள் என்ற கேள்வி நியாயமானது. இதே கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. மூளை மலேரியாவுக்கான இரண்டு மருந்துகள், ஃபால்சிகோ, ஃபால்சிடாப். பால்சிபேரம் என்ற கிருமியின் பெயரிலிருந்தே இரண்டு கம்பெனிகளும் பெயரை உருவிக்கொண்டன. ஒன்றில் இருப்பது ஆர்டிசுனேட், மற்றதில் மெஃப்ளோகுவின். கம்பெனிகளின் பெயரும் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல: கேடிலா ஹெல்த்கேர், கேடிலா பார்மசூட்டிகல்ஸ்! மருத்துவமனைக்குத்தானே விற்கிறார்கள், மருத்துவர்கள் குழம்பமாட்டார்கள் என்ற வாதத்தை 2001இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. மருத்துவரும் மருந்தாளுநரும் தவறுக்கு அப்பாற்பட்டவர்கள் அல்ல, மற்றப் பொருள்களைவிட மருந்துக்குக் கடுமையான அளவுகோல் வேண்டும் என்றது. வழக்கை அந்த அளவுகோலின்படி தீர்க்குமாறு விசாரணை நீதிமன்றத்துக்கு விட்டது.

அதற்குப் பிறகு, 2019 கடைசியில், மருந்து விதிகளில் ஒரு திருத்தம் வந்தது. புதுப் பெயர் வைக்கிற கம்பெனி, இதே பெயரோ இதைப் போன்ற பெயரோ சந்தையில் இல்லை என்று தேடிப் பார்த்து உறுதிமொழி கொடுக்க வேண்டும். தேடுவதும் கம்பெனி, எழுதிக் கொடுப்பதும் கம்பெனி. ஏற்கெனவே கடையில் இருக்கிற பெயர்களை இது தொடுவதில்லை. காகிதத்தில் நல்ல விதி என்பதற்கு மேல் என்னால் பாராட்ட முடியவில்லை.

பெயரை மாற்றினால் மட்டும் தீர்ந்துவிடுமா என்றால் அதுவும் நிச்சயமில்லை. அமெரிக்காவில் லோசெக் என்ற வயிற்றுப்புண் மருந்து, லாசிக்ஸ் என்ற நீர் பிரிக்கும் மருந்தோடு குழம்பியது. 1990இல் லோசெக்கின் பெயரை ப்ரைலோசெக் என்று மாற்றினார்கள். பிறகு அது ப்ரோசாக் என்ற மனச்சோர்வு மருந்தோடு குழம்பத் தொடங்கியது.

ஆகவே பெயரை நம்பாத வழிகள்தான் ஓரளவு வேலை செய்கின்றன. சீட்டில் ‘வாரம் ஒருமுறை’ என்பதோடு நிற்காமல் கிழமையையே எழுதச் சொல்வது முதல் வழி. ‘ஞாயிறு மட்டும், முடக்குவாதத்துக்கு’ என்று இருந்தால், எதற்கான மருந்து என்பதும் தெரியும், தினமும் கொடுக்க வந்த கையும் நிற்கும். சீட்டில் மூலப்பெயரைப் பெரிய எழுத்தில் புரியும்படி எழுத வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சில் 2016இலேயே சொல்லிவிட்டது. மெத்தோட்ரெக்ஸேட், ஃபோலிக் அமிலம் என்று எழுதினால் குழப்பத்துக்கு இடமே குறைவு. அட்டையில் வணிகப் பெயரோடு சேர்ந்து இருப்பதும் இந்த மூலப்பெயர்தான். கடைக்காரர் அட்டையை வெட்டி நாலு மாத்திரையாகத் தரும்போது அந்த வரி பாதியில் போய்விடும். வாரம் ஒன்று என்றால் மாதத்துக்கு நாலைந்துதான் வேண்டும் என்பதால் வெட்டு விழுவது பெரும்பாலும் இந்த அட்டையில்தான். பெயர் முழுதாகத் தெரியும் பக்கத்தைக் கேட்டு வாங்கலாம். எண்ணிக்கையும் ஒரு சோதனை: ஒரு மாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் என்று சொல்லி முப்பது மாத்திரை கையில் கொடுத்தால், அங்கேயே நின்று கேட்க வேண்டும். ஒரு வாரத்து டோஸுக்கே சிறிய மாத்திரைகள் பலவாகக் கொடுப்பதும் உண்டு. அப்போதும் கடைக்காரரே கணக்குச் சொல்லட்டும்.

மாறித்தான் சாப்பிட்டுவிட்டார் என்று தெரிந்தால் வீட்டில் ஒரு தவறான சமாதானம் தோன்றும்: வைட்டமின்தானே குறைந்தது, ஃபோல்வைட்டைக் கூடுதலாகக் கொடுத்துவிடலாம். அது பலிக்காது. ஃபோலிக் அமிலத்தைப் பயன்படும் நிலைக்கு மாற்றுகிற நொதியே அடைபட்டுக் கிடக்கிறது. அந்த அடைப்பைச் சுற்றிக்கொண்டு போகிற மருந்து வேறு: ஃபோலினிக் அமிலம், லூக்கோவோரின் என்றும் சொல்வார்கள். மருத்துவமனையில் சேர்த்து, பல மணி நேர இடைவெளியில் திரும்பத் திரும்பக் கொடுப்பார்கள். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறார்களோ அவ்வளவு நல்லது. ஃபோலிக், ஃபோலினிக். மாற்று மருந்தின் பெயரும் இப்படித்தான் வாய்த்திருக்கிறது. அதனால் அவசரப் பிரிவுக்குப் போகிறவர்கள் பெயரை வாயால் சொல்லிக்கொண்டிருக்காமல், இரண்டு அட்டைகளையும் சீட்டையும் கையோடு கொண்டுபோய் மேஜை மேல் வைப்பது நல்லது.