சாம்பலில் வடியும் மஞ்சள்

பேரணாம்பட்டு வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு சிறிய தோல் தொழிற்சாலையில் ஷேவிங் கழிவைக் குவித்துக் கொளுத்துகிறார்கள். மழை பெய்தால் அந்தச் சாம்பலிலிருந்து மஞ்சளாகத் தண்ணீர் வடிகிறது. எரிந்துபோன பிறகு என்ன கெடுதல் என்கிறார்கள். சரியா?"

சரியில்லை. அந்தக் கழிவில் இருக்கும் குரோமியம் எரிந்து தீர்ந்துபோகும் பொருள் அல்ல. 'வெட் புளூ' தோலில் அது குரோமியம்-3 ஆக, தண்ணீரில் எளிதில் கரையாமல் தோலோடு ஒட்டிக் கிடக்கிறது. காரச் சாம்பலோடும் தாராளமான காற்றோடும் சேர்ந்து சூடாகும்போது அதில் ஒரு பகுதி குரோமியம்-6 ஆக மாறிவிடுகிறது. புற்றுநோய் உண்டாக்கும் இந்த வடிவம் தண்ணீரில் நன்றாகக் கரையும். கரைந்தால் நிறம் மஞ்சள். வாசகர் பார்த்தது அதுவாகவே இருக்க அதிக வாய்ப்பு. பரிசோதனைக் கூடத்தில் அமிலம் சேர்த்து டைஃபினைல்கார்பசைடு சில சொட்டு விட்டால், குரோமியம்-6 இருக்கும் நீர் ஊதாச் சிவப்பாகும்.

வரலாறு சுருக்கமாக: குரோம் பதனிடும் முறைக்கு 1884இல் அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் காப்புரிமை பெற்றார். வாரக்கணக்கில் பட்டைச் சாற்றில் ஊறிய தோல் சில நாட்களில் தயாரானதும் உலகம் அதன் பின்னால் போயிற்று. சென்னையில் ஒரு பேட்டையே குரோம் பெயரைச் சூடிக்கொண்டது. போதும்.

தோலின் புரதமான கொலாஜன், மூன்று கால் எடுத்துப் பின்னிய சடை போன்றது. குரோமியம் அதில் ஹேர்பின். ஒரு சடையை அடுத்த சடையோடு, புரதத்தின் அமில முனைகளைப் பிடித்துக் கோத்துவிடுகிறது. பின் குத்தாத சடை வெந்நீரில் அவிழ்ந்து கரையும். ஆட்டுக்கால் பாயா ஆறியதும் கட்டியாவது அப்படிக் கரைந்த ஜெலட்டினால்தான். பின் குத்திய சடை அவிழாது. பதம் பார்க்க ஒரு துண்டைக் கொதிநீரில் போட்டு, சுருங்குகிறதா என்று சோதிப்பது இதனால்தான்.

அப்படியானால் பின்னைக் கழற்ற முடியுமா? முடியும். 1990களில் அமெரிக்க வேளாண் துறை ஆய்வாளர்கள் செய்து காட்டிய அந்த வழி என்னை இன்றும் வியக்க வைக்கிறது. நூறு கிலோ ஈர ஷேவிங் துருவலை எடுத்துக்கொள்வோம். பாதி தண்ணீர். மீதி ஐம்பதில் பெரும்பகுதி புரதம். குரோமியம் ஒன்றரை கிலோ அளவே. ஐந்நூறு லிட்டர் நீரில் துருவலையும் ஐந்தாறு கிலோ மக்னீசியம் ஆக்சைடையும் கலந்து, 70 டிகிரியில் ஆறு மணி நேரம் கிளறுகிறார்கள். நீர் மெல்லக் காரமாகிறது. குரோமியம் புரதத்தின் அமில முனையை விட்டுவிட்டு ஹைட்ராக்சைடைப் பிடித்துக்கொள்கிறது. பின் கழன்ற சடை வெந்நீரில் அவிழ்ந்து ஜெலட்டினாக வெளியேறுகிறது. அவிழாத சிக்கைப் புரதம் வெட்டும் நொதி துண்டாக்குகிறது. கழன்ற பின்களெல்லாம் டப்பாவின் அடியில் சேர்வதுபோல, குரோமியம் பசையாக வடிகட்டியில் தங்குகிறது. தீ இல்லாததால் அது கடைசிவரை குரோமியம்-3 ஆகவே இருக்கிறது.

மக்னீசியம் ஆக்சைடுதான் இதன் உயிர். அது அரைகுறையாகவே கரைவதால், எவ்வளவு அள்ளிப் போட்டாலும் காரத்தன்மை பி.எச். 9 பக்கமே நிற்கிறது. குரோமியம் ஹைட்ராக்சைடு மிகக் குறைவாகக் கரைவதும், நொதி நன்றாக வேலை செய்வதும் அந்த அளவில்தான். காஸ்டிக் சோடா போட்டால் பி.எச். எகிறும், அவிழ வேண்டிய முடி கத்தரிக்கப்பட்டுத் தூளாகும், படிந்த குரோமியமும் மறுபடி கரையத் தொடங்கும். காரம் குறைந்துபோனாலும் குரோமியம் கசியும். வடிநீர் பச்சையடித்தால் அதுதான் அறிகுறி. ஆறவிட்டு வடிகட்டினால் ஜெலட்டின் உறைந்து துணியை அடைத்துவிடும்.

இதைப் படித்ததும் 'கழிவிலிருந்து கோடிகள்' என்று யாராவது திட்டம் கொண்டுவந்தால் நம்ப வேண்டாம். குரோமியப் பசையைக் கந்தக அமிலத்தில் கரைத்து மீண்டும் பதனிடலாம். ஆனால் அதில் புரதம் ஒட்டியிருக்கும். நீர்த்த ஜெலட்டினைக் கெட்டியாக்க எரிபொருள் செலவாகும். நாளுக்கு நூறு கிலோ கழிவு வரும் ஷெட்டில் இது கட்டாது. பல தொழிற்சாலைகள் சேர்ந்து பொது ஆலையாக நடத்த வேண்டும். புரதத்தைக் கோழித் தீவனமாக்கலாம் என்ற பேச்சை நான் ஏற்கவே மாட்டேன். மிச்சக் குரோமியத்தைத் தொகுதிக்குத் தொகுதி அளக்காமல் அதை உணவுச் சங்கிலிக்குள் விடக்கூடாது.

சிறிய தொழிற்சாலையால் இன்றே முடிவது வேறு. துருவலையும் வெட்டுத் துண்டுகளையும் சுண்ணாம்புச் சவ்வுக் கழிவோடு கலக்காமல், கூரையின் கீழ் சிமென்ட் தரையில் காயவைத்துச் சாக்கில் கட்டலாம். சுத்தமான துருவலை அரைத்து ரப்பர் பாலோடு சேர்த்துச் செய்யும் லெதர் போர்டு, செருப்பின் உள்ளட்டையாகிறது. பெரிய துண்டுகள் கையுறைக்கும் சாவிக்கொத்துக்கும் போகும். எதற்கும் உதவாதது, அடியில் கசிவுத் தடுப்பு போட்ட அபாயக் கழிவுக் கிடங்குக்குத்தான் போக வேண்டும்.

பேரணாம்பட்டுச் சாம்பல் மேட்டை முதலில் தார்ப்பாயால் மூடச் சொல்லுங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் எழுதுங்கள். வடிந்த மஞ்சள் நீரைத் தேக்கி, நம் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் அன்னபேதியை, அதாவது இரும்பு சல்பேட்டை, போதிய அளவு சேர்த்தால் குரோமியம்-6 மறுபடி 3 ஆகி, இரும்போடு சேற்றுப் படிவாக இறங்கும். அந்த வேலையை விவரம் தெரிந்தவர் கையுறையோடு செய்யட்டும். படிந்த சேறும் அதே கிடங்குக்குத்தான் போக வேண்டும்.